பூச்சுச் சுவரில் துளையிடும் முன் உள்ளே ஓடும் வயரைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் வீட்டு வயரிங் வேலை செய்துவரும் என்னிடம் வீட்டுக்காரர்களும், புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்களும் கேட்ட கேள்விகள் இவை. இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, அதற்குள் பிளாஸ்டிக் பைப்பில் ஓடும் வயர் என்ற அமைப்புக்கே பொருந்தும். நம் பக்கத்து வீடுகளில் அதிகமாக இருப்பதும் அதுதான்.

வயர் தேடும் டிடெக்டர் சுவருக்குள் எதைத்தான் பார்க்கிறது?

வயரை அது பார்ப்பதில்லை. வயரில் 230 வோல்ட் மாறுமின்சாரம் நிற்கும்போது அதைச் சுற்றி நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் ஒரு மின்புலம் உண்டாகிறது. பிளாஸ்டிக் பைப்பும் காய்ந்த பூச்சும் அந்தப் புலத்தைத் தடுப்பதில்லை என்பதால், சுவரின் மேற்பரப்பில் வைத்த கருவி அதை உணர்ந்து ஒலி எழுப்புகிறது. மின்னோட்டம் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மின்னழுத்தம் இருந்தாலே போதும். ஆகவே, ஒன்றும் செருகாத பிளக் பாயிண்ட்டுக்குப் போகும் வயர்கூட அதற்குத் தெரியும். ஆனால் அழுத்தம் இல்லாத வயர், அது எவ்வளவு தடிமனாக இருந்தாலும், இந்தக் கருவிக்கு இல்லாத வயர்தான். பின்வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே செய்தியிலிருந்து பிறப்பவை.

ஆழத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் கருவிகள் பெரும்பாலும் 5 சென்டிமீட்டர் ஆழம் வரையில்தான் மின்சாரமுள்ள வயரைக் காட்டும். உள்சுவர்ப் பூச்சு 12 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். செங்கல்லில் காடி வெட்டி அதில் 20 அல்லது 25 மில்லிமீட்டர் பைப்பைப் புதைத்திருப்பார்கள். எனவே சாதாரணச் சுவரில் இந்த ஆழம் போதும். கரடுமுரடான கருங்கல் சுவரை மட்டம் செய்ய இரண்டு மூன்று முறை பூசிய பழைய வீடுகளில் பைப் இன்னும் உள்ளே இருக்கக்கூடும். அங்கே கருவி அமைதியாக இருப்பதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஓட்டை போடாமல் இருந்தால் போதாதா?

தொடக்கத்துக்கு அது நல்ல வழிதான். நம் வீடுகளில் கூரை கான்கிரீட் போடும்போதே பைப்பைக் கம்பிகளுக்கிடையே வைத்துவிடுவதால், வயர் கூரையிலிருந்து சுவர் வழியாக ஸ்விட்ச் போர்டுக்குச் செங்குத்தாக இறங்குவதே வழக்கம். ஒரு போர்டிலிருந்து பக்கத்துப் பிளக் பாயிண்ட்டுக்குப் படுக்கையாகப் போகும்.

வீடு கட்டி முடிந்த பிறகு சேர்த்த பாயிண்ட்டுகளில்தான் இந்தக் கணக்கு தவறுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன், கீசர், பூஜை அறை விளக்கு, வாசலில் பின்னர் வைத்த லைட் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது, பைப்பும் வெட்டுக்கூலியும் மிச்சம் என்று போர்டிலிருந்து குறுக்காகக் காடி வெட்டிப் போய்விடுவார்கள். மேலே பட்டி பார்த்து வண்ணம் அடித்த பிறகு அந்தக் குறுக்குப் பாதைக்கு எந்த அடையாளமும் இருக்காது. நான் பார்த்த துளைபட்ட வயர்களில் பெரும்பாலானவை இப்படிக் குறுக்கே போனவையே.

மெயினை அணைத்துவிட்டுத் தேட வேண்டுமா, போட்டபடியே தேட வேண்டுமா?

தேடும்போது மின்சாரம் இருக்க வேண்டும். துளையிடும்போது இருக்கக் கூடாது. இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் பலர். பாதுகாப்பு என்று முதலிலேயே மெயினை இறக்கிவிட்டுக் கருவியை ஓட்டினால் சுவர் முழுவதும் அமைதியாக இருக்கும், அதை நம்பித் துளையிட்டு வயரை அறுத்துவிடுவார்கள்.

மெயின் போட்டிருந்தால் மட்டும் போதாது என்பதும் முக்கியம். ஸ்விட்ச்சிலிருந்து விளக்குக்கோ விசிறிக்கோ போகும் வயரில், ஸ்விட்ச்சைப் போட்டால்தான் அழுத்தம் வரும். அணைத்திருக்கும்போது அந்த வயர் விசிறியின் சுருள் வழியாக நியூட்ரலோடு சேர்ந்து கிடக்கிறது. அதனால் அதைச் சுற்றிப் புலமே இருப்பதில்லை. ஆகவே தேடத் தொடங்கும் முன் அந்தச் சுவரிலும், சுவரின் மறுபக்க அறையிலும் உள்ள எல்லா ஸ்விட்ச்சுகளையும், எதற்கென்று தெரியாதவற்றையும் சேர்த்து, போட்டுவிடுங்கள். மறுபக்க அறையை ஏன் சொல்கிறேன் என்றால், நாலரை அங்குலச் சுவரில் ஆழமாகத் துளையிட்டால் அந்தப் பக்கத்துப் பைப்பும் நம் துளையின் எல்லைக்குள் வந்துவிடலாம்.

பிளக் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் வாட்டர் ஃபில்டர் மாட்ட வேண்டும். எப்படித் தேடுவது, படிப்படியாகச் சொல்லுங்கள்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில்கூடப் பலர் சமையலறையில் சுத்திகரிப்புக் கருவி ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குக் கரண்ட்டும் தண்ணீரும் பக்கத்திலேயே வேண்டும். அதாவது, வயரும் பைப்பும் மிக நெருக்கமாக ஓடும் இடத்தில்தான் துளையிட்டாக வேண்டும். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு வீட்டில் செய்ததை அப்படியே சொல்கிறேன்; அளவுகளை உங்கள் சுவருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சமையல் மேடைக்கு மேலே இரண்டடி டைல், அதற்கு மேல் பூச்சு. சுவரின் இடது மூலையிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி, தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் போர்டின் மேல்விளிம்பு. வலது பக்கம் மூலையிலிருந்து 150 சென்டிமீட்டர் தள்ளி, 210 சென்டிமீட்டர் உயரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபில்டரின் தாங்கிக்கு 24 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகள் வேண்டும். வீட்டுக்காரர் அவற்றை 165 சென்டிமீட்டர் உயரத்தில், மூலையிலிருந்து 82, 106 ஆகிய இடங்களில் பென்சிலால் குறித்துவைத்திருந்தார். போர்டுக்கு நேர் மேலே இல்லை என்பதால் அது பாதுகாப்பான இடம் என்று அவர் நினைத்தது நியாயம்தான்.

முதலில் கருவியைச் சோதித்துக்கொண்டேன். வயர் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில், அதாவது போர்டுக்கு ஒரு சாண் மேலே, பக்கவாட்டில் ஓட்டினால் ஒலி வர வேண்டும். வராவிட்டால் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது அந்தச் சுவரில் அந்தக் கருவி பயன்படாது. எதுவானாலும் அதை வைத்து மேலே போகக் கூடாது.

அடுத்து, எங்கிருந்து தொடங்குவது என்பது. பல மாடல்களில் பொத்தானை அழுத்தும் இடத்தைத்தான் கருவி ஒன்றுமில்லாத இடம் என்று எடுத்துக்கொள்ளும். வயரின் மேலேயே வைத்து அழுத்திவிட்டால் அந்த வயருக்கே அது குருடாகிவிடும். ஆகவே இடது மூலையில், போர்டிலிருந்து தள்ளி, கருவியின் முதுகு சுவரில் படியும்படி வைத்து அழுத்தி, அங்கிருந்து மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினேன். ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்கப் பத்துப் பதினைந்து நொடிகளாவது எடுத்துக்கொள்ள வேண்டும். தரையில் நின்றபடி, கையுறை இல்லாமல் பிடிப்பது நல்லது. நம் உடல் வழியாகத் தரையோடு உள்ள தொடர்பையும் இந்தக் கருவி பயன்படுத்திக்கொள்வதால், பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றால் அதன் உணர்வு குறையலாம்.

140, 165, 190 சென்டிமீட்டர் ஆகிய மூன்று உயரங்களில் படுக்கையாக ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒலி தொடங்கிய இடத்தையும் நின்ற இடத்தையும் குறித்து, வலமிருந்து இடமாகத் திரும்ப ஓட்டி மறுபடியும் குறித்து, இரண்டின் நடுவை வயரின் இடமாக எடுத்துக்கொண்டேன். ஒருபக்கமாக மட்டும் ஓட்டினால் கருவி சற்றுப் பிந்தி ஒலிப்பதால் குறி ஒரு விரற்கடை நகர்ந்துவிடும். மூன்று உயரத்திலும் நடு 70, 71, 70 என்று வந்தது. கூரையிலிருந்து போர்டுக்கு இறங்கும் செங்குத்துப் பைப் அது. 82இலும் 106இலும் கருவி வாய் திறக்கவில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் ஒரு வயர் போயிருக்கும். போர்டில் ஒரு ஸ்விட்ச் மட்டும் போடாமல் இருந்தது. மழை வாடை வருகிறது என்று எக்ஸாஸ்ட் ஃபேனை அந்த வீட்டு அம்மா அப்போதுதான் அணைத்திருந்தார். அதைப் போடச் சொல்லி மீண்டும் ஓட்டியபோது, பழைய குறிகளோடு புதிதாக ஒவ்வொரு உயரத்திலும் ஒரு குறி கிடைத்தது: 140 உயரத்தில் 80, 165 உயரத்தில் 105, 190 உயரத்தில் 130. மூன்று புள்ளிகளையும் நூல் பிடித்துப் பார்த்தால், போர்டின் மேல்விளிம்பிலிருந்து ஃபேன் வரை நேராகச் செல்லும் குறுக்குக் கோடு. வீட்டுக்காரரின் இரண்டாவது துளை 106இல், வயர் 105இல். பைப்பின் விட்டமே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் என்பதால் டிரில் நேராக வயருக்குள் இறங்கியிருக்கும்.

துளைகளை 125, 149 என்று வலப்பக்கம் தள்ளினோம். படுக்கையாக ஓட்டினால் செங்குத்தாகவும் குறுக்காகவும் போகும் வயர்தான் கிடைக்கும். படுக்கையாகப் போகும் வயரின் மேலேயே நாம் ஓட்டிக்கொண்டிருந்தால் ஒலி எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாது. ஆகவே 125இலும் 149இலும் மேடையிலிருந்து தலைக்கு மேல் வரை செங்குத்தாகவும் ஓட்டினோம். 120 சென்டிமீட்டர் உயரத்தில் ஒலி வந்தது. மிக்ஸி பிளக்குக்குப் போகும் படுக்கைப் பைப் அது. நம் துளைக்கு 45 சென்டிமீட்டர் கீழே இருந்ததால் பிரச்சினை இல்லை. மேல்நோக்கிப் போகும்போது ஃபேன் வயர் எதிர்பார்த்த உயரத்திலேயே ஒலித்தது, குறுக்குக் கோடு சரிதான் என்று அதுவே சான்று. ஒலிக்கும் பட்டையின் ஓரத்திலிருந்து குறைந்தது 5 சென்டிமீட்டராவது தள்ளித் துளையிடுவது என் வழக்கம். பட்டையின் நடுவிலிருந்து அல்ல.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. தண்ணீர் போகும் பிளாஸ்டிக் பைப்பைக் கருவியின் மின்சாரம் தேடும் முறையும் காட்டாது, உலோகம் தேடும் முறையும் காட்டாது. சிங்க் குழாய்க்கு வரும் பைப் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வீட்டுக்காரரிடமோ பிளம்பரிடமோ கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவரில் எங்கே வைத்தாலும் கத்துகிறது. கருவி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கருவியில் குறை இருக்காது. ஈரமான பூச்சு மின்புலத்தை ஓரளவு கடத்துவதால், ஒரு வயரின் புலம் சுவரெங்கும் பரவியதுபோலத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வெளிச்சுவர், புதிதாகப் பூசி இன்னும் காயாத சுவர், குளியலறையின் மறுபக்கச் சுவர் ஆகியவற்றில் இதை அடிக்கடி காணலாம். காய்ந்த சுவரில் கருவியைத் தேய்ப்பதால் தேங்கும் நிலைமின்சாரமும் இதேபோல் ஏமாற்றும்.

கருவிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, இன்னொரு உள்ளங்கையைச் சுவரில் நன்றாகப் பதித்துக்கொண்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். நிலைமின்சாரமாக இருந்தால் அது கை வழியாக இறங்கி, பரந்த ஒலி ஒடுங்கிப் பட்டையாக மாறும். அப்படியும் மாறாவிட்டால் ஒருவரை எம்சிபி பெட்டியருகே நிறுத்துங்கள். ஒலிக்கும் இடத்தில் கருவியை அசையாமல் பிடித்துக்கொண்டு எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றச் சொல்லுங்கள். எந்த எம்சிபியை இறக்கும்போது ஒலி நின்று, ஏற்றும்போது திரும்ப வருகிறதோ அந்தச் சர்க்யூட்தான் அங்கே பேசுகிறது. சந்தேகப்படும் சர்க்யூட்டை மட்டும் ஏற்றி மற்றவற்றை இறக்கி வைத்துத் தேடினால், குழப்பமான சுவரிலும் பாதை பெரும்பாலும் தெளிந்துவிடும். நான் அதிகம் நம்புவது இந்த முறையைத்தான். எந்தக் கருவியின் விலையையும்விட இன்னொரு ஆளின் பத்து நிமிட உதவி இதில் பயன் தருகிறது.

எதுவும் பலிக்காவிட்டால் சுவர் காயும் வரை காத்திருப்பதே வழி. ஈரம் மிக அதிகமானால் நேர்மாறாகவும் நடக்கும். ஈரப்பூச்சு புலத்தை மறைத்து, உள்ளே வயர் இருந்தும் கருவி அமைதியாக இருக்கலாம்.

உலோகம் தேடும் முறையில் வைத்தால் மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செம்பு தெரிந்துவிடாதா?

கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஆனால் நம் வீடுகளில் ஓடுவது மெல்லிய இழைகளைத் திரித்த வயர். விளக்குக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 என்ற அளவில் இருக்கும். ஒற்றைத் தடிக்கம்பி கொண்ட கேபிளை உலோகமாகக் காட்டும் கருவிகள்கூட இந்தப் பல இழை வயரைக் காட்டத் தவறிவிடுகின்றன. கருவியோடு வரும் குறிப்பேடுகள் சிலவற்றில் இந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டே இருக்கும், யாரும் படிப்பதில்லை.

அந்த முறை வேறொன்றுக்கு உதவும். கான்கிரீட் தூண், பீம், லிண்டல் ஆகியவற்றில் இரும்புக் கம்பி எங்கே இருக்கிறது என்பதையும், பூச்சுக்குள் மறைந்துபோன இரும்புப் பெட்டியையும் நன்றாகக் காட்டும். தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் வெடிப்பு வராமலிருக்கக் கொத்தனார் வைத்துப் பூசும் கோழி வலை மேல் வைத்தால் விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த வலைக்குப் பின்னால் ஓடும் வயரின் புலத்தை வலை மறைத்துவிடக்கூடும் என்பதால், அந்த ஒரு முழ அகலத்துக்குள் துளையிடுவதைத் தவிர்க்கவே நான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை இறக்கிவிட்டால் போதுமா?

போதாது. மெயினை இறக்கினால் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் உடனே பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டைத் தன் லைனுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்ச்சை மட்டும் அணைத்தாலும் போதாது. பல மாடல்கள் அப்போது மெயினிலிருந்து வருவதை நேரடியாக அதே லைனுக்குக் கடத்திவிடும். இரண்டையும் அணைக்க வேண்டும். அதன்பிறகு போர்டிலுள்ள ஒவ்வொரு பாயிண்ட்டிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்து, குறித்த இடத்தில் டிடெக்டரை இன்னொரு முறை ஓட்டி, முன்பு ஒலித்த வயர்கள் இப்போது ஒலிக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டுதான் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் டிரில்லிங் மெஷினுக்குக் கரண்ட் எங்கே என்று கேட்பார்கள். பேட்டரி டிரில் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால், அந்தச் சுவருக்குத் தொடர்பில்லாத எம்சிபியிலிருந்து ஓடும் வேறொரு அறையின் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொண்டு, வேலை நடக்கும் சுவரின் எம்சிபிகளை மட்டும் இறக்குங்கள். எந்த எம்சிபி எந்தச் சுவருக்கு என்பது மேலே சொன்ன ஏற்றி இறக்கும் சோதனையிலேயே தெரிந்திருக்கும்.

அழுத்தமே இல்லாத, துண்டித்துவிட்ட பழைய லைனையும் கேபிள் டிவி வயரையும் எப்படித் தேடுவது?

அதற்கு இரண்டு துண்டுகளாக வரும் டிரேசர் வேண்டும். ஒன்று வயருக்குள் தன் சமிக்ஞையைச் செலுத்தும். இன்னொன்று அந்தச் சமிக்ஞையைச் சுவரின் மேல் தேடிப் பிடிக்கும். செலுத்தும் துண்டின் ஒரு கிளிப்பைத் தேட வேண்டிய வயரிலும், மற்றொன்றை வேறிடத்திலுள்ள எர்த்திலும் மாட்ட வேண்டும். வயரின் மறுமுனை எதனோடும் சேராமல் திறந்திருக்கட்டும். ஒரே பைப்பில் ஓடும் இரண்டு வயர்களில் இரண்டு கிளிப்புகளையும் மாட்டினால், அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிட, வெளியே வருவது மிகக் குறைவாகத்தான் இருக்கும். புதிதாகப் பழகுபவர்கள் கருவி வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுப்பதற்கு இதுவே காரணம். தொலைபேசி, நெட்வொர்க் வயர்களுக்காக விற்கும் மலிவான டிரேசரை மின்சாரமுள்ள வயரில் ஒருபோதும் மாட்டக் கூடாது. முதலில் எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, வயரின் இரு முனைகளையும் கழற்றிய பிறகுதான் மாட்ட வேண்டும்.

பேனா மாதிரி இருக்கும் டெஸ்டரோ, மொபைல் ஆப்போ போதாதா?

தொடாமல் காட்டும் பேனா டெஸ்டர், போர்டிலோ வெளியே தெரியும் வயரிலோ மின்சாரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கானது. பூச்சுக்குள் ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் வயரைச் சில நேரம் காட்டும், சில நேரம் காட்டாது. ஒலித்தால் நம்பலாம், ஒலிக்காவிட்டால் நம்ப முடியாது. மொபைல் ஆப் கைப்பேசியின் திசைகாட்டி உணரியைக் கொண்டு இரும்பின் காந்தத் தன்மையை மட்டுமே அறியும். செம்பு வயருக்கு அது எதற்கும் உதவாது.

துளையிடும்போது பைப்பைத் தொட்டுவிட்டோமா என்று எப்படித் தெரியும்? தொட்டுவிட்டால் என்ன செய்வது?

டிரில்லின் நுனியிலிருந்து விழும் தூளைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தூள், ஒரு சென்டிமீட்டருக்குப் பிறகு சிவப்பாகச் செங்கல் தூள் வர வேண்டும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் சாம்பலாகவே தொடர்ந்தால், காடியை அடைத்த கலவைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள், அங்கேயே நிறுத்திவிடுங்கள். டிரில் பிட்டின் பள்ளத்தில் சுருள்சுருளாக மெல்லிய பிளாஸ்டிக் சீவல் ஒட்டியிருந்தால் பைப்பை எட்டிவிட்டது. கைக்கும் தெரியும்: எதிர்த்துக்கொண்டிருந்த சுவர் சட்டென்று விட்டுக்கொடுத்து, பிட் ஒரு விரற்கடை தானாக உள்ளே போகும். இதனால்தான் முதல் இரண்டு சென்டிமீட்டரை ஹாம்மர் போடாமல், மெதுவான வேகத்தில் துளையிடச் சொல்கிறேன். ஹாம்மர் ஓடும்போது இந்த மாற்றத்தைக் கை உணராது.

குறைந்த ஆழத்தில் நிறுத்திவிட்டால் வயருக்கு ஆபத்தில்லை என்பது தவறான கணக்கு. பைப்பின் முதுகு பூச்சுக்குச் சற்று உள்ளேயே, மேற்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் இருக்கிறது. சாதாரண ராவல் பிளக்குக்கே மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழம் வேண்டும்.

பைப்பைத் தொட்டுவிட்டால், எம்சிபி விழவில்லை, விளக்கு எரிகிறது, ஆகவே ஒன்றும் ஆகவில்லை என்று ஸ்க்ரூவை முடுக்கிவிடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் தருமபுரியில் ஒரு வீட்டில் நான் அப்படித்தான் செய்தேன். இரும்பு அலமாரியின் தாங்கிக்குத் துளையிட்டபோது பிட் சற்றுத் தானாக உள்ளே போனதை உணர்ந்தும், எல்லாம் எரிகிறதே என்று ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு வந்தேன். அந்தக் கார்த்திகை மழையில் சுவர் ஊறியபோது, அலமாரியை ஈரத்துணியால் துடைத்த அந்த வீட்டுப் பாட்டிக்குக் கையில் சுரீரென்று இழுத்தது. பூச்சைத் தட்டிப் பார்த்தால், ஸ்க்ரூவின் மரை ஃபேஸ் வயரின் உறையைச் சீவி, செம்பு இழைகளில் இரண்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. நியூட்ரலையோ எர்த்தையோ தொடாததால் எம்சிபிக்குத் தெரிய வழியில்லை. அந்த வீட்டில் ஆர்சிசிபியும் இல்லை. 30 மில்லியாம்பியர் கசிவிலேயே விழும் ஆர்சிசிபி இருந்திருந்தால் அந்த அம்மாளின் கை வழியாகக் கசிவு போன கணத்திலேயே மின்சாரத்தை நிறுத்தியிருக்கும். ஆனால் அதுகூட, யாரேனும் தொடும் வரை சுவருக்குள் இருந்த தவறைச் சொல்லியிருக்காது.

ஆகவே, தொட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, துளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சை உளியால் மெதுவாக எடுத்துப் பைப்பைத் திறந்து பாருங்கள். பைப்பில் மட்டும் கீறல் இருந்து வயரின் உறை முழுமையாக இருந்தால், உடைந்த பகுதியை வெட்டி இணைப்பு வைத்து மூடலாம். வயரின் உறையில் சிறு கீறல் இருந்தாலும் அங்கேயே டேப் சுற்றிப் பூசிவிடக் கூடாது. சுவருக்குள் ஒட்டுப் போட்ட வயர் பின்னர் யார் கண்ணிலும் படாது. சூடானாலும் ஈரம் இறங்கினாலும் அறிய வழியில்லை. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டி வரையுள்ள அந்த வயரை உருவிவிட்டு, பழைய வயரின் நுனியிலேயே புதியதைக் கட்டி இழுத்துவிடலாம். பைப் அடைபடாமல் இருந்தால் அரை மணி நேர வேலை.

மூடிப் பூசும் முன் எலெக்ட்ரீஷியனை அழைத்து, வயரின் உறை கசிகிறதா என்று அளக்கும் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சர்க்யூட்டில் செருகியுள்ள சாதனங்களையும் பல்புகளையும் விசிறிகளின் இணைப்பையும் கழற்றிவிட்டு, ஸ்விட்ச்சுகளைப் போட்ட நிலையில், 500 வோல்ட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, பிறகு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளக்க வேண்டும். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். நல்ல வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு காட்டும். காட்டவில்லையென்றால் பூச்சைத் திறந்தபடியே விட்டுவைத்து, குறை எந்த வயரில் என்று கண்டுபிடித்து மாற்றிய பிறகுதான் எம்சிபியை ஏற்ற வேண்டும்.